தெற்குத்தெரு குடும்பம்: பெரியப்பாவோட ரெண்டு சர்டிபிகேட்

பெரியப்பா: எல்லாருக்கும் வணக்கம். டெபாசிட் வட்டி சர்டிபிகேட், வீட்டு லோன் சர்டிபிகேட் ரெண்டையும் போட்டோ எடுத்துப் போட்டிருக்கேன். பிரியா, ரிட்டர்ன்ல எதை எங்க எழுதணும்னு சொல்லும்மா. பாஸ்புக்ல கூட்டிப் பார்த்தா வட்டி 61,560 தான் வந்திருக்கு, பேப்பர்ல 68,400னு இருக்கு, ராத்திரி முழுக்க தூக்கமே இல்ல

சித்தப்பா: பாஸ்புக்தான் சரிண்ணே

பிரியா: இல்லப்பா. வித்தியாசம் 6,840, அது 68,400ல சரியா பத்து பர்சன்ட். வட்டி கொடுக்கும்போதே பேங்க் பெரியப்பா பேர்ல பிடிச்ச வரி, டிடிஎஸ் அது. வருமானத்துல முழு 68,400 காட்டணும், 6,840 ஏற்கனவே கட்டின வரியா கழியும், பிடிச்ச வரியை வரித்துறை காட்டுற 26ASலயும் அதே தொகை இருக்கான்னு பாத்துக்கோங்க. 60 தாண்டினதால 80TTBல 50,000 கழிவு, மிச்சம் 18,400 தான் வரிக்கு வரும்

மீனா அத்தை: எனக்கும் எஃப்டி இருக்கேடி

பிரியா: உங்களுக்கு 58 தானே அத்தை, சேவிங்ஸ் வட்டிக்கு மட்டும் 10,000 வரைக்கும்

மீனா அத்தை: வயசை குரூப்லயா சொல்லுவ 😡

பெரியப்பா: லோன் வட்டி 2,64,000, அசல் 1,18,000. அப்படியே எழுதிடவா

பிரியா: வேணாம் பெரியப்பா. மேல Provisionalனு இருக்கு பாருங்க, ஜனவரில போட்டது. ஈஎம்ஐ மாறாம போகும்னு கணக்கு போட்டுக் கொடுக்கிறது அது. பிப்ரவரில நீங்க 3 லட்சம் கட்டினது அதுல வராது

கார்த்தி: மார்ச் முடிஞ்சப்புறம் எடுத்தது என்கிட்ட இருக்கு. வட்டி 2,60,000 அசல் 4,22,000

பிரியா: இதான் வேணும். 3 லட்சம் அசல்ல ஏறிடுச்சு, கடைசி ரெண்டு மாசம் வட்டி 4,000 குறைஞ்சு அதுவும் அசலுக்குப் போயிருக்கு. அசலை 80Cல கழிக்கலாம், மத்த சேமிப்பு எல்லாம் சேர்த்தே 1,50,000 தான்

சித்தப்பா: லோன் அண்ணன், கார்த்தி ரெண்டு பேர் பேர்லயும் இருக்குல்ல, ஆளுக்கு 2 லட்சம் போடுங்க

பிரியா: அப்பா, உச்சவரம்பு ஆளுக்கு 2 லட்சம், ஆனா கட்டின வட்டியே 2,60,000 தானே, ரெண்டு பேரும் சேர்ந்து அதைத் தாண்டக் கூடாது. வீடும் கட்டின பணமும் பாதிப் பாதின்னா ஆளுக்கு 1,30,000

கார்த்தி: ஈஎம்ஐ முழுக்க என் அக்கவுண்ட்ல இருந்துதான் போகுது

பெரியப்பா: அந்த 3 லட்சம் யாரு பணம்? ரிட்டயர்மென்ட் காசுடா

கார்த்தி: நான் இல்லன்னு சொல்லலப்பா

பிரியா: 3 லட்சம் அசலுக்குப் போனது பெரியப்பா. வட்டி யாரு கட்டினாங்களோ அவங்கதான் கழிக்கலாம். நீங்க மாசாமாசம் கார்த்தி அண்ணனுக்கு பாதி அனுப்பினதுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் இருந்தா அனுப்புங்க. அண்ணன் மட்டும்தான் கட்டினாருன்னா அவருக்கு 2 லட்சத்தோட நின்னுடும், 60,000 யாருக்கும் ஆகாது

மீனா அத்தை: ஞாயித்துக்கிழமை வளைகாப்புக்கு வளையல் யாரு வாங்கிட்டு வர்றீங்க

சித்தி: நான் நான்

பிரியா: கார்த்தி அண்ணா, ஆபீஸ்ல வரி பிடிக்கிறது புது முறையா பழைய முறையா? புதுசுன்னா நாம இருக்கிற வீட்டுக்கு லோன் வட்டிக் கழிவே கிடையாது. பெரியப்பாவும் பழைய முறைல இருந்தாதான் 80TTB

கார்த்தி: ஹெச்ஆர்கிட்ட கேக்கணும்

பெரியப்பா: நான் கையில கொடுத்த மாசமும் இருக்கு பிரியா. அதுக்கு என்ன ஸ்டேட்மென்ட்

பிரியா: ஞாயித்துக்கிழமை பாஸ்புக்கை எடுத்துட்டு வாங்க பெரியப்பா, பார்ப்போம்