புதுப்பிப்பு: பெயர் சொல்லாத கிளையன்ட், பதில் சொல்லாத கன்சல்டன்சி

முன்பு கேட்டது: "வேலைக்கான இன்டர்வியூவில் ரெண்டு ரவுண்டு முடிஞ்சு 12 நாள் ஆச்சு. கன்சல்டன்சியிடமிருந்து சத்தமே இல்லை. கிளையன்ட் யாருன்னும் தெரியாது. என்ன செய்ய?"

"ரிசல்ட் என்ன?" என்று மூன்று மெயில் போட்டும் பதில் இல்லை. இங்கே ஒரு அக்கா சொன்னபடி கேள்வியை மாற்றினேன்: "என் ரெஸ்யூம் கிளையன்ட்டுக்குப் போய்விட்டதா? இன்னொரு கன்சல்டன்சியும் அழைக்கிறது. ஒரே இடத்துக்கு இரண்டு வழியாகப் போனால் சிக்கல், பெயரைச் சொல்லுங்கள்."

அன்று மாலையே ஃபோன். நான் முடித்த இரண்டு ரவுண்டும் அவர்களே நடத்திய வடிகட்டலாம்! கிளையன்ட் என் ரெஸ்யூமைப் பார்க்கவே இல்லை. பட்ஜெட் அனுமதி வரவில்லையாம்.

"பதில் இல்லைன்னா ரிஜெக்ட்தான்" என்ற தம்பி, பாதி சரி. ஆஃபர் லெட்டர் தாமதம் பற்றி எழுதிய அண்ணா, நான் அவ்வளவு தூரம் போகவே இல்லை.

பெயரை மட்டும் இன்னும் சொல்லவில்லை. இரண்டாவது கன்சல்டன்சியை வெள்ளிக்கிழமை வரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.