திரையில் ஆரஞ்சு, பெட்டியில் செங்கல் நிறம்

மசாலாக்கடை: சாம்பார் பொடி அட்டைப்பெட்டிக்கு டிசைனில் பளிச்சென்ற ஆரஞ்சு #FF6600 கொடுத்தேன். வந்தது செங்கல் நிறம். மையை மிச்சம் பிடித்துவிட்டார்களா?

கவி_டிசைன்: வேறென்ன, அச்சகத்தின் தில்லுமுல்லுதான். காலிபரேட் செய்த மானிட்டரில் பார்த்து, அச்சின் நான்கு மை நிறங்களான சிஎம்ஒய்கே-க்கு மாற்றி அனுப்பினால் திரையில் தெரிவது அப்படியே வரும்.

ஆஃப்செட்காரன்: அப்படியே வரும் என்று யார் சொல்லிக்கொடுத்தது? திரை ஒளியை வீசுகிறது, மை விழுகிற ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. அந்த ஆரஞ்சை மாற்றினால் மெஜந்தா 75, மஞ்சள் 100 பக்கம் வரும். இந்த இரண்டு மையும் எவ்வளவு நன்றாக விழுந்தாலும் அந்தப் பளிச் வராது. மையை அள்ளிக் கொட்டினால் இன்னும் சிவந்து கறுக்கும், அவ்வளவுதான்.

கவி_டிசைன்: என் மானிட்டர் காலிபரேட் செய்தது சார்.

ஆஃப்செட்காரன்: இருக்கட்டும். அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் ப்ரூஃப் போட்டுப் பாருங்கள், அந்த மானிட்டரே மங்கலாகக் காட்டும். மானிட்டர் உண்மையைச் சொல்லலாம், மையை மாற்ற முடியாது. மசாலாக்கடை, 'பளிச் ஆரஞ்சு' என்று எழுதாதீர்கள், #FF6600-ம் அச்சகத்துக்கு உதவாது. படத்தின் ஓரத்தில் இப்படி எழுதுங்கள்: "பின்னணி பான்டோன் ஆரஞ்சு 021 சி, ஐந்தாவது கலராகத் தனி பிளேட், முழு சாலிட். சின்ன எழுத்து கருப்பு மட்டும், நான்கு கலர் கலவை வேண்டாம். டூப்ளெக்ஸ் அட்டை, கிளாஸ் லேமினேஷன். லேமினேட் செய்த நிற மாதிரி ஷேட் கார்டில் நான் கையெழுத்திட்ட பிறகே ஓட்டவும்." பான்டோன் என்பது நம்பர் வைத்துத் தனியாகக் கலக்கும் மை நிறம். அந்த 'சி' முக்கியம், கோட்டிங் உள்ள தாளில் தெரியும் நிறம் என்று அர்த்தம். அதே மை கோட்டிங் இல்லாத தாளில் உறிஞ்சப்பட்டு மங்கிவிடும்.

காப்பித்தூள்: எங்கள் பவுச்சிலும் இதே கதைதான், சில்வர் ஃபிலிமில் சிவப்பு கறுத்துத் தெரிகிறது. பான்டோன் நம்பரும் கொடுத்திருந்தேன்.

ஆஃப்செட்காரன்: அது வேறு விஷயம். மைக்குப் பின்னால் வெள்ளை அடித்தார்களா? வெள்ளை எங்கே வேண்டும், எங்கே சில்வர் தெரிய வேண்டும் என்று தனி லேயராகக் காட்டாவிட்டால் எந்த நம்பரும் காப்பாற்றாது.

கவி_டிசைன்: ஐந்தாவது பிளேட் என்றால் காசு. நீங்கள் பில் ஏற்றத்தான் இதைச் சொல்கிறீர்கள். போன வருடம் லேமினேஷன் திரியிலும் மேட் வேண்டாம் என்று இதே வேலைதான் செய்தீர்கள்.

ஆஃப்செட்காரன்: மேட் போட்டால் அடர்ந்த நிறம் வெளிறும், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஷேட் கார்டை டியூப்லைட் அடியில் ஓகே செய்துவிட்டு வெயிலில் வந்து சண்டை போடுகிற ஆட்களும் உங்கள் பக்கம்தான்.

மசாலாக்கடை: ஐயா, 3,000 பெட்டிக்குத் தனி கலர் கட்டுப்படியாகுமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கவி_டிசைன்: அதைத்தானே நானும் கேட்கிறேன். இன்னொரு தடவை சொல்கிறேன், மானிட்டர் காலிபரேட் செய்தது.