கம்போஸ்ட் பின்ல சூடு இறங்குது: காத்துப் பிரச்சினையா, ஈரப் பிரச்சினையா?

வணக்கம் அண்ணாக்கள் அக்காக்கள், கிளிநொச்சியில சூழல் பொறியியல் பாடத்துக்கு ஒரு 60 லீற்றர் பிளாஸ்ரிக் பின்ல கம்போஸ்ட் மொடல் செய்யிறம், வைக்கல், மரக்கறிக் கழிவு, கொஞ்சம் சாணி போட்டு நடுவிலயும் ஓரத்திலயும் ரெம்பரேச்சர் சென்சர் வச்சிருக்கு. நடு 54 டிகிரி வரைக்கும் ஏறிச்சு, பிறகு டக்கெண்டு 41க்கு இறங்கிட்டுது, கழிவு இன்னும் பாதிகூட உக்கேல்ல.

குழப்பம் என்னெண்டா, இந்தச் சோளகக் காத்துக்கு மேல வைக்கல் காய்ஞ்சு கிடக்கு, கையில பிழிஞ்சா ஒரு சொட்டுத் தண்ணியும் வராது, ஆனா அடியில புளிச்ச மணம் வருகுது, அப்ப அங்க காத்து போகேல்லத்தானே. தண்ணி விடாமல் கிளறிப் பாத்தன், 47க்கு ஏறி அரை நாளில திரும்ப விழுந்திட்டுது. காத்து மட்டும்தான் குறையெண்டா இவ்வளவு கெதியா விழாது எண்டு நினைக்கிறன். சாம்பிளை 105 டிகிரி ஓவன்ல காயவச்சு நிறுத்தா ஈரம் 42 வீதம், 50க்கு மேல இருந்தா நல்லமெண்டுதான் படிச்சம், ஆனா அது எல்லாம் கலந்த சராசரி.

கலவையை ரெண்டு பின்னாப் பிரிச்சு, ஒண்டைக் கிளறி மட்டும், மற்றதைக் கிளறித் தண்ணியும் தெளிச்சுப் பாக்கலாமோ? பாதியாக்கினா சின்னப் பின்ல சூடு நிக்காதே, வெளியால சாக்குச் சுத்தினாக் காணுமோ? செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ.