புதுப்பிப்பு: மீட்டிங்குக்குப் பதில் 72 மணி நேரம்

முன்பு கேட்டது: “சென்னை, லண்டன், சான் பிரான்சிஸ்கோ. மூவருக்கும் ஒத்துவரும் மீட்டிங் நேரம் எது?”

நேரத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, முடிவுகளை எழுத்திலேயே எடுக்கிறோம். அப்பாச்சி என்ற திறந்த மூல மென்பொருள் அமைப்பின் திட்டங்களில் வாக்கெடுப்பு குறைந்தது 72 மணி நேரம் திறந்திருக்கும் என்று ஒருவர் சொன்ன வழிதான் பிடித்தது. 48 மணி போதும் என்றார் இன்னொருவர். வார நடுவில் சரி; வெள்ளி மாலை திறந்தால் சனி, ஞாயிறே அதைத் தின்றுவிடும். மருத்துவமனை ஷிஃப்ட் மாற்றத்துக்கு இது உதவாது என்றார் ஒரு செவிலியர். உண்மைதான், அங்கே நேரில் பேசியே ஆக வேண்டும்.

இப்போது சென்னை நேரப்படி செவ்வாய் காலை 9:30க்குத் திறந்து வெள்ளி 9:30க்கு மூடுகிறோம். அனுப்பும் செய்தி இப்படி:

“பழைய சர்வரை 30ஆம் தேதி நிறுத்தலாமா? என் பரிந்துரை: நிறுத்தலாம். வெள்ளி 04:00 UTC வரை மறுப்பு வராவிட்டால் நிறுத்துவேன்.”

UTC என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுவது முக்கியம். அமெரிக்காவிலும் லண்டனிலும் கடிகாரம் மாறும், சென்னையில் மாறாது. சான் பிரான்சிஸ்கோவின் காலை 8 மணி நமக்குக் கோடையில் இரவு 8:30, குளிர்காலத்தில் 9:30.

ஒன்று மட்டும் இழுபறி: தரவை அழிப்பது போலத் திரும்பப் பெற முடியாத முடிவுக்கும் மௌனம் சம்மதமா? லண்டன்காரர் ஆம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.