மதிப்பெண் தப்பாகக் கூட்டியிருக்கு, ஆசிரியருக்கு எப்படி எழுதுவது? (அவசரம்)

தெம்பனீஸ்_பையன்: இன்று விடைத்தாள் கைக்கு வந்தது, கூட்டல் தப்பு. இன்றிரவே ஆசிரியருக்குச் செய்தி அனுப்பணும். இது போதுமா? "வணக்கம் ஆசிரியரே, மதிப்பெண் தவறு. என் தாளை மறுமதிப்பீடு செய்யவும்."

ஈசூன்_அம்மா: ஓ நிலையா தம்பி? என் மகளுக்குப் பள்ளி மூலமாகத்தான் விண்ணப்பித்தோம், கட்டணமும் கட்டினோம். தாளைக் கண்ணில்கூடக் காட்டவில்லை.

நடுச்சாமம்: அக்கா, தாள் அவன் கையில் இருக்கிறதே, அப்புறம் எப்படி ஓ நிலை? தம்பி, எந்தப் பாடம்? முன்பக்கத்தில் எவ்வளவு, நீ கூட்டினால் எவ்வளவு?

தெம்பனீஸ்_பையன்: சாரி. உயர்நிலை 3, தமிழ், டபிள்யூ.ஏ. 2. முன்பக்கத்தில் 27/40. எனக்கு 30 வருகிறது.

கிளமெண்டி_ரவி: எழுத்துப்பிழைக்கு 3 கழித்திருப்பார். எங்கள் ஆசிரியர் அப்படித்தான்.

பழைய_பேனா: நீங்கள் கேட்பது மறுகூட்டல். மறுமதிப்பீடு என்றால் எல்லா விடையையும் மறுபடி திருத்துவது. தமிழ்த் தேர்வு எழுதியவருக்கு இந்த வேறுபாடுகூடத் தெரியாதா?

நடுச்சாமம்: பேனா குத்தினாலும் விஷயம் சரி. முழுத் தாளையும் திருத்தச் சொன்னால் மதிப்பெண் குறையவும் கூடும். ரவி, கழித்திருந்தால் ஓரத்தில் குறித்திருப்பாரே. தம்பி, ஒவ்வொன்றாகப் போடு.

தெம்பனீஸ்_பையன்: கழித்த குறி எங்கும் இல்லை. மொழிப் பயன்பாடு 8, 6. கருத்தறிதல் 3, 2, 4, 3, 4.

நடுச்சாமம்: கருத்தறிதல் 16, மொத்தம் 30. நீ சொல்வது சரி. விட்டுப்போனது சரியாக 3. உன்னிடம் 3 வாங்கிய கேள்விகள் இரண்டு, முதலாவதும் நான்காவதும். எதைப் பக்கத்தைத் திருப்பி எழுதினாய்?

தெம்பனீஸ்_பையன்: நான்காவதை! பின்பக்கத்தில் அது மட்டும்தான்.

நடுச்சாமம்: அதுதான். கூட்டும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் விட்டிருப்பார். இப்படி எழுது: "வணக்கம் ஆசிரியரே. டபிள்யூ.ஏ. 2 தமிழ்த் தாளில் கருத்தறிதல் 4ஆம் கேள்விக்கு நீங்கள் பின்பக்கத்தில் தந்த 3 மதிப்பெண் மொத்தத்தில் சேரவில்லை என்று நினைக்கிறேன். முன்பக்கத்தில் 27 உள்ளது, எனக்கு 30 வருகிறது. கூட்டலை மட்டும் ஒருமுறை சரிபார்க்க முடியுமா? தாளை நாளை கொண்டு வருகிறேன்." கீழே பெயர், வகுப்பு. தாளில் பேனாவே வைக்காதே, பென்சில் குறிகூட வேண்டாம்.

கிளமெண்டி_ரவி: 3 மதிப்பெண்ணுக்கு இவ்வளவு எழுத்தா? நேரில் சொன்னால் அரை நிமிடம்.

ஈசூன்_அம்மா: 27 என்றால் 67.5 விழுக்காடு, பி3. 30 என்றால் 75, ஏ1. சும்மாவா விட முடியும்?

கிளமெண்டி_ரவி: எங்கள் பள்ளியில் இதற்கு 15 விழுக்காடுதான். ஆண்டு மொத்தத்தில் ஒரு மதிப்பெண் ஏறும், அவ்வளவே.

பழைய_பேனா: "ஆசிரியரே" என்று விளிப்பதா? "ஐயா" என்றுதான் எழுத வேண்டும்.

ஈசூன்_அம்மா: ஆசிரியை என்றால்?

பழைய_பேனா: அதை அவர் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

தெம்பனீஸ்_பையன்: அனுப்பிட்டேன். தாளோடு ஓய்வு நேரத்தில் வரச் சொன்னார்.