அவலாஞ்சி மட்டும் கருநீலம், மீதி மாவட்டமே வெளுப்பு. வகுப்பு எல்லையை எப்படி வைப்பது?

கேள்வி (கோத்தகிரி)
2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேர மழையை வருவாய் கிராம வாரியாக QGIS-இல் நிறம் தீட்டுகிறேன். அவலாஞ்சியில் அன்று 820 மி.மீ. `Equal Interval`-இல் ஐந்து வகுப்பு வைத்தால் ஒவ்வொன்றும் 164 மி.மீ. அகலம். 10 மி.மீ. பெய்த எங்கள் பக்கத்துக்கும் 150 பெய்த ஊருக்கும் ஒரே நிறம் விழுகிறது. என்ன செய்யலாம்?

பதில் (குன்னூர்)
`Equal Count (Quantile)` போடுங்கள் அக்கா. எல்லா நிறமும் சமமாக வரும்.

கேட்டவர்
போட்டேன். படம் அழகாக இருக்கிறது, ஆனால் அவலாஞ்சியில் கால்பங்கு பெய்த ஊர்களும் அதோடு ஒரே கருநீலத்தில் சேர்ந்துவிட்டன.

பதில் (கூடலூர்)
புள்ளிகளுக்கு இடையே `IDW` ஓட்டினால் வகுப்பே வேண்டாமே?

பதில் (உதகை)
அது வேறு வேலை. குந்தா பக்கம் கொட்டும்போது மசினகுடி காய்ந்து கிடக்கும். நடுவில் மலை நிற்பது `IDW`-வுக்குத் தெரியாது.

குன்னூர்க்காரர் சொன்னதில் பாதி சரி, கீழ்வகுப்புகள் பிரிந்துவிடும். ஆனால் அது ஊர்களை எண்ணிப் பங்கு போடுகிறது, மழையைப் பார்ப்பதில்லை. முதலில் `Histogram` தாவலைத் திறந்து பாருங்கள். இடப்பக்கம் குவியலும் வலப்பக்கம் தனியாக ஒரு கம்பும் தெரிந்தால் எல்லைகள் கூட்டிக்கொண்டு போகக் கூடாது, பெருக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் மழைக்கு வானிலைத் துறையின் எல்லைகளே ஏறத்தாழ அப்படித்தான் இருக்கின்றன. கனமழை 64.5-இலும், மிக கனமழை 115.6-இலும், அதி கனமழை 204.5-இலும் தொடங்குகிறது. அவலாஞ்சிக்காக மேலே 400 ஒன்றை நான் சேர்ப்பேன்.

```
0 | 2.5 | 15.6 | 64.5 | 115.6 | 204.5 | 400 | 820
```

`Classes` பட்டியலில் ஒவ்வொரு வரம்பையும் இருமுறை சொடுக்கி இவற்றைக் கையால் தட்டுங்கள். அப்புறம் `Mode`-ஐ மாற்றினால் எல்லாம் அழிந்துவிடும், கவனம்.

இன்னொன்று. மழைமானி இல்லாத கிராமத்துக்கு அட்டவணையில் 0 இருக்கிறதா, `NULL` இருக்கிறதா? 0 என்றால் அது மழையே பெய்யாத ஊராக நிறம் வாங்கிவிடும். `NULL` ஆக்கினால் வரையப்படாது. அடியில் சாம்பல் நிற அடுக்கு ஒன்றை வையுங்கள்.

பதில் (கொடைக்கானல்)
நான் பழனி மலையில் வருஷாவருஷம் மொத்த மழையை வரைகிறேன். இதே எல்லை எனக்கு ஆகுமா?

பதில் (உதகை)
ஆகாது, இவை ஒரு நாளுக்கானவை. ஆண்டு மழைக்கு 500, 1000, 2000, 4000 என்று இரட்டித்துப் பாருங்கள். எல்லா ஆண்டுக்கும் அதையே வையுங்கள். ஆண்டுதோறும் தானாகப் பிரிக்க விட்டால் வறண்ட ஆண்டும் ஈரமான ஆண்டும் ஒரே மாதிரி தெரியும்.

கேட்டவர்
தட்டிப் பார்த்தேன். கோத்தகிரிச் சரிவு தனியாகப் பிரிந்துவிட்டது. எட்டுக் கிராமங்களில் 0 போட்டிருந்ததையும் திருத்தினேன். ஒரு சந்தேகம் மட்டும் நிற்கிறது: அவலாஞ்சியில் ஒரே மழைமானியின் 820-ஐ அந்தக் காட்டுப்பகுதி முழுவதற்கும் பூசுவது சரியா?

பதில் (உதகை)
எனக்கும் மனசு ஒப்பவில்லை. நான் நிறத்தை அப்படியே விட்டு, மானி இருக்கும் இடத்தில் புள்ளி வைத்து அளவை எழுதுவேன்.

பதில் (கூடலூர்)
அப்படியானால் கிராம எல்லையே எதற்கு, புள்ளி மட்டும் போதுமே?