80ஐத் தாண்டியதும் தரையிலிருந்து ஒரு ‘ஹூம்’

தாம்பரம்வாசி: போன சனிக்கிழமை ஒரு டீசல் எஸ்யூவி ஓட்டிப் பார்த்தேன். ஷோரூமைச் சுற்றி வந்தபோது அவ்வளவு அமைதி. அடம்பிடித்து ஜிஎஸ்டி சாலையில் பரனூர் டோல் வரை கொண்டுபோனேன். 80ஐத் தாண்டியதும் காலடியிலிருந்து ஒரு ‘ஹூம்’. பின்சீட்டில் இருந்த மனைவி ஒவ்வொரு வார்த்தைக்கும் “என்ன?” என்கிறார். சேல்ஸ் தம்பி உடனே பாட்டைப் போட்டார். அணைக்கச் சொல்லி, ஏசி விசிறியையும் ஒன்றில் வைத்தேன். ஹூம் அப்படியேதான். எஞ்சினா, டயரா, காற்றா?

கோவை டீசல்: அதே 80ல் ஆறாவது கியரிலிருந்து நாலாவதுக்கு இறக்கிப் பாருங்கள். வேகம் மாறாது, எஞ்சின் சுற்று மட்டும் ஏறும். ஹூமின் சுருதியும் கூடவே ஏறினால் எஞ்சின். அசையாமல் இருந்தால் டயர் அல்லது காற்று. சொரசொரப்பான பழைய சாலையிலிருந்து புதுத் தாரில் ஏறும் இடத்தில் சட்டென்று அடங்கினால் டயர்தான். காற்றுக்குச் சாலை பொருட்டே இல்லை. சைடு மிரர், கதவின் மேல்விளிம்புப் பக்கம் ‘உஸ்’ என்று கேட்கும். எனக்கு அப்படி ஒன்று இருந்தது. பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப்பைக் கதவு இடுக்கு நெடுக ஒட்டி ஓட்டினேன், நின்றுவிட்டது. ரப்பர் பீடிங் ஒரு மூலையில் சரியாக உட்காரவில்லை.

மாடிவீடு: எனக்கும் ஆறு மாதமாக டேஷ்போர்டில் கிர்ர் கிர்ர். மெக்கானிக் பாதியைக் கழற்றிவிட்டார். கடைசியில் ஏசி துவாரத்துக்குள் ஒரு இரண்டு ரூபாய் நாணயம்!

சேலம் பைபாஸ்: எதற்கு இத்தனை ஆராய்ச்சி? வாங்கிவிட்டு நாலு கதவுக்கும் டாம்பிங் ஷீட் ஒட்டுங்கள். நான் ஒட்டினேன், கதவு மூடும் சத்தமே கனமாகிவிட்டது.

கோவை டீசல்: கதவுத் தகட்டின் அதிர்வு குறையும், சரி. ஆனால் டயர் சத்தம் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, தரை, சஸ்பென்ஷன் வழியாகத்தான் அதிகம் ஏறுகிறது. கதவில் ஒட்டி அதை எப்படி நிறுத்துவீர்கள்?

சேலம் பைபாஸ்: எனக்குக் குறைந்த மாதிரிதான் இருக்கிறது. செலவழித்த காசு பேசுகிறதோ என்னவோ.

தாம்பரம்வாசி: இன்று மறுபடி போனேன். நாலாவது கியரில் எஞ்சின் தனியாக உறுமியது, ஹூம் அசையவில்லை. புதுத் தாரில் பாதியாகக் குறைந்தது. பங்கில் காற்று பார்த்தால் நாலு டயரிலும் 40. கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் 33. இறக்கியதும் கொஞ்சம் மென்மையானது, போகவில்லை. இன்னொன்று: 95ல் ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது, 85க்கு வந்தால் இல்லை. கியர் மாற்றினாலும் அதே வேகத்தில்தான் வருகிறது.

கோவை டீசல்: அப்படியென்றால் வீல் பேலன்ஸிங்காகத்தான் இருக்கும். பள்ளத்தில் அடிபட்டு ரிம் வளைந்திருக்கவும் வாய்ப்புண்டு. டெமோ வண்டிதானே, எத்தனை பேர் ஓட்டியிருப்பார்கள்!

தாம்பரம்வாசி: பேலன்ஸ் செய்து தரச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் கேட்கும் வேரியன்டில் டயர் வேறு கம்பெனியாம், ரிம்மும் ஒரு இஞ்ச் சின்னது. அந்த டயரில் ஓட்டிப் பார்க்க அவர்களிடம் வண்டியில்லை. அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை.